எடுத்த வேலை யார் கையில்? ரெடிஸ் ஸ்ட்ரீமில் ஒப்புகையும் மீட்பும்

வரிசையில் இருந்த ஒரு வேலையை ஒரு வொர்க்கர் எடுத்துக்கொண்டு போகிறது. முடிந்ததென்று தகவல் வரவில்லை. அது செத்துவிட்டதா, இன்னும் செய்துகொண்டிருக்கிறதா? செத்துவிட்டதென்று நினைத்து இன்னொன்றிடம் கொடுத்தால் ஒரே வேலை இரண்டு முறை நடக்கலாம். உயிரோடிருக்கிறதென்று நம்பிக் காத்திருந்தால் வேலை நடக்காமலே போகலாம்.

வலையில் இணைந்த கணினிகள் தோன்றிய காலத்திலிருந்தே இந்தக் கேள்வி உண்டு. பதில் எவ்வளவு நேரத்தில் வரும் என்பதற்கு உச்சவரம்பே இல்லாத வலையில், மெதுவாக இயங்கும் கணினியையும் நின்றுபோன கணினியையும் வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லை. ஃபிஷர், லின்ச், பேட்டர்சன் ஆகிய மூவர் 1985இல் வெளியிட்ட புகழ்பெற்ற சாத்தியமின்மைத் தேற்றத்துக்கு அடியில் கிடப்பதும் இந்தச் சிக்கல்தான். ஆகவே அதற்குப் பிறகு வந்த க்யூ மென்பொருள்கள் எல்லாம் கேள்வியைத் தீர்த்தன என்பதைவிட, எந்தப் பக்கம் தவறினால் பரவாயில்லை என்று ஆளுக்கொரு முடிவெடுத்தன என்பதே பொருந்தும். ரெடிஸ் ஸ்ட்ரீமும் அப்படியொரு முடிவுதான். அதன் கட்டளைகள் அந்த முடிவில் எவ்வளவு தூரம் துணை வருகின்றன, எந்த இடத்தில் கையை விட்டுவிடுகின்றன என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

## முன்பிருந்த நான்கு விடைகள்

முதல் விடை, கவலைப்படாமல் இருப்பது. ரெடிஸின் பப்/சப் அப்படித்தான்: அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருப்பவருக்குச் செய்தி போகும், கேட்காதவருக்கு அது நடக்கவே இல்லை. லிஸ்ட்டிலிருந்து `BRPOP` மூலம் எடுப்பதும் ஏறக்குறைய இதே வகை. எடுத்த நொடியிலேயே செய்தி ரெடிஸை விட்டுப் போய்விடுகிறது. எடுத்த வொர்க்கர் அடுத்த நொடி செத்தால் செய்தியும் அதோடு போகும். ரூபி உலகில் பரவலாக உள்ள சைட்கிக்கின் இலவசப் பதிப்பு இந்த ஆபத்தோடுதான் வேலைகளை எடுக்கிறது. கட்டணப் பதிப்பில், எடுக்கும்போதே வேலையை அந்த வொர்க்கருக்கென உள்ள தனி லிஸ்ட்டுக்கு நகர்த்தி வைக்கிறார்கள். நிலுவையில் உள்ளதை எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணம் ரெடிஸ் பயனர்களிடையே முதலில் இப்படிக் கைவேலையாகத்தான் வந்தது.

இரண்டாவது விடை, இணைப்பை நம்புவது. ராபிட்எம்க்யூவில் ஒரு கன்ஸ்யூமரின் இணைப்பு அறுந்தால் அது ஒப்புகை தராத செய்திகளெல்லாம் வரிசைக்குத் திரும்பும். எளிமையான விதி. ஆனால் இணைப்பு உயிரோடிருக்க, உள்ளே இயங்கும் நிரல் மட்டும் ஏதோ ஒரு பூட்டில் மாட்டிக்கொண்டால் செய்தி அங்கேயே கிடக்கும். இதற்காகவே ராபிட்எம்க்யூ பின்னாளில் ஒரு கால வரம்பையும் சேர்த்தது. 30 நிமிடத்துக்குள் ஒப்புகை வராவிட்டால் அந்தச் சேனலை மூடிவிடுவது அதன் இயல்பு அமைப்பு.

மூன்றாவது விடை காஃப்காவுடையது. லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011இல் திறந்த மூலமாக வந்த காஃப்கா, ஒவ்வொரு செய்திக்கும் தனிக் கணக்கு வைக்கவில்லை. ஒரு பார்ட்டிஷனுக்கு ஒரு கன்ஸ்யூமர், அது எதுவரை படித்தது என்பதற்கு ஓர் எண். கணக்கு மிகச் சிறியது, வேகம் மிகப் பெரியது. விலை என்னவென்றால், நடுவில் ஒரு செய்தி மாட்டிக்கொண்டால் அதற்குப் பின்னால் உள்ளவற்றுக்கு மட்டும் ஒப்புகை தர இயலாது.

நான்காவது, குத்தகை. குறிப்பிட்ட நேரத்துக்குச் செய்தி உன்னுடையது, அதற்குள் முடித்துவிடு, இல்லையேல் அடுத்தவருக்குப் போகும். கேரி கிரே, டேவிட் செரிட்டன் இருவரும் 1989இல் கோப்புக் கேஷ்களுக்காக முன்வைத்த கருத்து இது. அமேசானின் எஸ்க்யூஎஸ் இதைத்தான் க்யூவுக்குப் பயன்படுத்துகிறது: இயல்பாக 30 விநாடி, அதிகபட்சம் 12 மணி நேரம். இதன் பலவீனம் எங்கே வெளிப்படும் என்பதற்குப் பைத்தான் உலகின் செலரி நல்ல சான்று. ரெடிஸை இடைத்தரகராக வைத்து ஓட்டும்போது செலரியின் இயல்புக் குத்தகை ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம் கழித்து ஓட வேண்டுமென்று குறித்த வேலையை ஒரு வொர்க்கர் வாங்கி வைத்துக்கொண்டு நேரம் வரக் காத்திருந்தால், இடையில் குத்தகை காலாவதியாகி அதே வேலை இன்னொரு வொர்க்கருக்கும் போகும். செலரியின் ஆவணமே இதை எச்சரித்திருக்கிறது.

## 2018இல் ரெடிஸ் தேர்ந்தது

2018 அக்டோபரில் வந்த ரெடிஸ் 5.0, ஸ்ட்ரீம் என்ற தரவு வகையைக் கொண்டுவந்தது. ரெடிஸை உருவாக்கிய சால்வதோர் சான்ஃபிலிப்போ, கன்ஸ்யூமர் குரூப் என்ற கருத்தைக் காஃப்காவிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆனால் உள்ளே வைத்த கணக்குமுறை காஃப்காவுடையதன்று. ஸ்ட்ரீம் என்பது பின்னால் மட்டுமே சேர்த்துக்கொண்டு போகும் பதிவேடு. ஒவ்வொரு பதிவுக்கும் மில்லிவிநாடி நேரமும் ஒரு தொடர் எண்ணும் சேர்ந்த அடையாளம் உண்டு. ஒரு குரூப்புக்கு இரண்டு விஷயங்கள் நினைவில் இருக்கும்: கடைசியாக எதை வழங்கினோம் என்பது ஒன்று, வழங்கியவற்றில் இன்னும் ஒப்புகை வராதவை எவை என்ற நிலுவைப் பட்டியல் இன்னொன்று.

```
XGROUP CREATE orders billing $ MKSTREAM
XADD orders * order_id 8817 amount 1450
XREADGROUP GROUP billing w1 COUNT 10 BLOCK 5000 STREAMS orders >
XACK orders billing 1718000012345-0
```

மூன்றாம் வரியின் கடைசியில் உள்ள `>` குறிக்கு, இதுவரை யாருக்கும் தராதவற்றைத் தா என்று பொருள். அங்கே `0` என்று போட்டால் நிலைமை மாறும்: என் பெயரில் ஏற்கெனவே நிலுவையில் உள்ளவற்றைத் தா என்றாகிவிடும். செத்து மீண்டும் அதே பெயரில் எழுந்த வொர்க்கர் முதலில் `0` போட்டுத் தன் பழைய பாக்கியை முடித்துவிட்டுப் பிறகே `>`க்குப் போக வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டவர்களின் நிலுவைப் பட்டியல் ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். பிழை எதுவும் பதிவாகாது.

நிலுவைப் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் நான்கு தகவல்கள் உண்டு: செய்தியின் அடையாளம், அதை வைத்திருக்கும் கன்ஸ்யூமரின் பெயர், கடைசியாக வழங்கி எத்தனை மில்லிவிநாடி ஆயிற்று, இதுவரை எத்தனை முறை வழங்கியாயிற்று. மேலே சொன்ன நான்கு விடைகளில் குத்தகைக்கு இது மிக நெருக்கம். ஆனால் முக்கியமான ஒரு வேறுபாடு உண்டு. எஸ்க்யூஎஸ்ஸில் கெடு முடிந்ததும் சர்வரே செய்தியை விடுவித்துவிடும். ரெடிஸ் அப்படி எதுவும் செய்யாது. இன்னொரு வொர்க்கர் வந்து, இத்தனை நேரத்துக்கு மேல் அசையாமல் கிடப்பதை என் பெயருக்கு மாற்று என்று கேட்டால்தான் கை மாறும். கெடுவைத் தீர்மானிப்பவர் கேட்பவர். கேட்க யாரும் இல்லாவிட்டால் செய்தி வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

கேட்பதற்கான கட்டளை முதலில் `XCLAIM`. அதற்கு அடையாளங்களைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும் என்பதால் முதலில் `XPENDING` போட்டுப் பட்டியல் எடுத்து, பிறகு ஒவ்வொன்றையும் கேட்க வேண்டியிருந்தது. 2021இல் வந்த 6.2 பதிப்பு இரண்டையும் சேர்த்து `XAUTOCLAIM` ஆக்கியது. இரண்டு வொர்க்கர்கள் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைக் கேட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இங்கே நேர்த்தியான பதில் உண்டு. முதலாமவர் கேட்டதுமே செயலற்ற நேரம் பூச்சியத்துக்குத் திரும்பிவிடுவதால் இரண்டாமவரின் நிபந்தனை பொருந்தாது. அவருக்கு எதுவும் கிடைக்காது.

## ஒரு செய்தி, இரண்டு கைகள்

நேர்த்தி அங்கே முடிகிறது. எங்கே குலைகிறது என்பதை ஒரே ஒரு செய்தியைப் பின்தொடர்ந்து பார்க்கலாம்.

`orders` ஸ்ட்ரீமில் ஓர் ஆர்டர் வருகிறது. `billing` குரூப்பின் வேலை, வாடிக்கையாளரின் கார்டில் பணம் பிடித்து, பில்லை டேட்டாபேஸில் எழுதுவது. மீட்பு வரம்பு 60,000 மில்லிவிநாடி. `w1` செய்தியை 11:43:32க்கு எடுத்துப் பேமென்ட் கேட்வேயை அழைக்கிறது. அந்த அழைப்புக்கு டைம்அவுட் வைக்கவில்லை, கேட்வே அன்று மந்தம். 68 விநாடி கழித்து நிலுவை இப்படி இருக்கும்:

```
> XPENDING orders billing - + 10
1) 1) "1718000012345-0"
   2) "w1"
   3) (integer) 68000
   4) (integer) 1
```

11:44:40க்கு `w2` தன் வழக்கமான சுற்றில் `XAUTOCLAIM orders billing w2 60000 0-0 COUNT 10` என்று கேட்கிறது. 68,000 என்பது 60,000ஐவிடப் பெரிது. செய்தி கை மாறுகிறது. பட்டியலில் பெயர் `w2`, வழங்கிய எண்ணிக்கை 2. `w2`வும் கேட்வேயை அழைக்கிறது. 11:44:50க்கு `w1`க்குப் பதில் வந்துவிடுகிறது. தன்னிடமிருந்து செய்தி பறிபோனது அதற்குத் தெரியாது, தெரிவிக்க வழியும் இல்லை. அது பில்லை எழுதிவிட்டு `XACK` அனுப்புகிறது.

கட்டளையின் வடிவத்தை மேலே இன்னொரு முறை பார்த்தால் தெரியும்: `XACK`இல் ஸ்ட்ரீமின் பெயர் இருக்கிறது, குரூப்பின் பெயர் இருக்கிறது, அடையாளம் இருக்கிறது. கன்ஸ்யூமரின் பெயர் இல்லை. செய்தி இப்போது யார் பெயரில் இருந்தாலும், குரூப்பைச் சேர்ந்த எவர் அனுப்பினாலும் ஒப்புகை செல்லும். ரெடிஸ் 1 என்று பதில் தருகிறது, செய்தி நிலுவையிலிருந்து நீங்குகிறது. 11:44:55க்குப் புதிய பதிப்பு ஏற்றுவதற்காக `w2`வை யாரோ நிறுத்துகிறார்கள். அது இரண்டாவது முறை பணத்தைப் பிடித்துவிட்டது, ஆனால் பில் எழுதவில்லை. கணக்கில் ஒரு பில், கார்டில் இரண்டு பற்று. நிலுவைப் பட்டியலோ காலி. சிக்கலைத் தேடி வருபவருக்கு ரெடிஸில் எந்தத் தடயமும் கிடைக்காது.

`w2` சாகாமல் முடித்திருந்தால் ஒரு சிறு தடயம் இருந்திருக்கும். அதன் `XACK`க்கு 0 என்று பதில் வந்திருக்கும், நீக்க எதுவும் இல்லை என்ற பொருளில். பெரும்பாலான நிரல்கள் இந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. அதை எண்ணிக்கையாகச் சேகரித்து வைத்தால், வரம்பு குறைவாக இருக்கிறது என்பதற்கு அதைவிட மலிவான அறிகுறி கிடைக்காது.

உரிமையாளரைச் சரிபார்த்த பிறகே ஒப்புகை தருமாறு லுவா ஸ்கிரிப்ட் ஒன்றால் செய்யலாம். ரெடிஸில் ஸ்கிரிப்ட் ஓடும்போது வேறு கட்டளை குறுக்கிடாது.

```lua
local p = redis.call('XPENDING', KEYS[1], ARGV[1],
                     ARGV[2], ARGV[2], 1, ARGV[3])
if #p == 0 then return 0 end
return redis.call('XACK', KEYS[1], ARGV[1], ARGV[2])
```

இதில் `ARGV[3]` கன்ஸ்யூமரின் பெயர். செய்தி அவர் பெயரில் இல்லாவிட்டால் ஒப்புகை நடக்காது. நல்ல காவல்தான். ஆனால் அது காப்பது நிலுவைப் பட்டியலை மட்டும். பணம் இரண்டு முறை பிடிபடுவதை அது தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. கேட்வே ரெடிஸுக்கு வெளியே இருக்கிறது.

## கெடு எத்தனை விநாடி?

வரம்பைக் கூட்டிவிட்டால் போதாதா என்பது அடுத்து வரும் வாதம். ஒரு வேலை அதிகபட்சம் 20 விநாடி எடுக்கும் என்றால் 60 தாராளம் என்று தோன்றும். இங்கே பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. செயலற்ற நேரம் என்று ரெடிஸ் சொல்வது வேலை தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணுவது அன்று, செய்தி வழங்கிய நேரத்திலிருந்து எண்ணுவது. `COUNT 50` என்று ஒரே மூச்சில் 50 செய்திகளை வாங்கி, ஒன்றுக்கு 2 விநாடி வீதம் வரிசையாகச் செய்யும் வொர்க்கரில், கடைசிச் செய்தி தொடங்கும்போதே அதன் வயது 98 விநாடி. அதாவது 31ஆம் செய்தியை முடித்து 32ஐத் தொடும்போதே வரம்பு கடந்தாயிற்று. ஒவ்வொரு வேலையும் வெறும் 2 விநாடிதான், யாரும் சாகவில்லை, ஆனாலும் பாதியைச் சற்றுத் தாண்டியதுமே மீதி பறிபோகத் தொடங்கும். பறித்தவரும் அதே அளவு வாங்கினால் அவரிடமிருந்தும் பறிபோகும். சுமை கூடும் நேரத்தில்தான் இது நடக்கும் என்பதால், இரட்டை வேலை ஏற்கெனவே உள்ள சுமையை மேலும் ஏற்றும். `COUNT`ஐக் குறைப்பது பெரும்பாலும் வரம்பைக் கூட்டுவதைவிட நல்ல மருந்து.

மறுபக்கம், வரம்பை ஒரு மணி நேரமாக்கினால் உண்மையாகவே செத்த வொர்க்கரின் செய்திகள் அவ்வளவு நேரம் தேங்கும். அறிக்கை தயாரிக்கும் வேலைக்குப் பரவாயில்லை. ஓடிபி அனுப்பும் வேலைக்கு அது செய்தியைத் தொலைத்ததற்குச் சமம்.

நடுவழியாகச் சிலர் துடிப்பு அனுப்புகிறார்கள். நீண்ட வேலையைச் செய்யும் வொர்க்கர் சில விநாடிக்கு ஒருமுறை தன் செய்தியைத் தானே மீண்டும் கேட்டுக்கொள்ளும்: `XCLAIM orders billing w1 0 1718000012345-0 JUSTID`. இது செயலற்ற நேரத்தைப் பூச்சியமாக்கும். `JUSTID` இருப்பதால் வழங்கிய எண்ணிக்கை கூடாது. வரம்பைச் சிறிதாக வைத்துக்கொண்டே நீண்ட வேலையும் செய்யலாம். ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. குறைந்தபட்ச நேரம் 0 என்பதால் இந்தக் கட்டளை யாரிடமிருந்தும் பறிக்கும். ஒரு நிமிடம் உறைந்துபோய் விழித்த `w1`, இடையில் `w2`வுக்குப் போன செய்தியைத் துடிப்பு என்ற பெயரில் திருப்பிப் பிடுங்கிவிடும். ஆகவே துடிப்பிலும் மேலே சொன்ன உரிமைச் சோதனை வேண்டும். துடிப்பு தனி த்ரெட்டில் ஓடினால் இன்னொரு கோளாறு: உண்மையான வேலை மாட்டிக்கொண்டிருக்க, துடிப்பு மட்டும் ஆரோக்கியமாக வந்துகொண்டிருக்கும். ராபிட்எம்க்யூவின் உயிருள்ள இணைப்பு, உறைந்த நிரல் என்ற பழைய சிக்கல் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

## எடுத்தவரையெல்லாம் கொல்லும் செய்தி

சில செய்திகள் தம்மைத் தொடும் வொர்க்கரையே வீழ்த்தும். பிழையான பதிவு ஒன்று, அல்லது நினைவகத்தை விழுங்கும் ஒரு படம். மீட்பு முறை இருந்தால் அது ஒவ்வொருவராகக் கை மாறி ஒவ்வொருவரையும் சாய்க்கும். நான்காவது தகவலான வழங்கிய எண்ணிக்கை இதற்காகவே இருக்கிறது: 5ஐத் தாண்டினால் வேறு ஸ்ட்ரீமுக்கு மாற்றிவிட்டு ஒப்புகை தந்துவிடுவது வழக்கம். ரெடிஸ் தானாக இதைச் செய்யாது, நிரலில் எழுத வேண்டும். `XADD`, `XACK` இரண்டையும் `MULTI`க்குள் வைத்தால் நடுவில் அறுந்து போகாது.

எண்ணிக்கையை அப்படியே நம்புவதிலும் சிக்கல் உண்டு. 10 செய்திகளை ஒன்றாக மீட்டு, முதல் செய்தியிலேயே வொர்க்கர் செத்தால் பத்துக்கும் எண்ணிக்கை கூடுகிறது, மற்ற ஒன்பதையும் யாரும் தொட்டதே இல்லை என்றாலும். இப்படி ஐந்து சுற்று போனால் ஒரு குற்றவாளியோடு ஒன்பது நிரபராதிகளும் ஒதுக்கப்படுவார்கள். இரண்டாம் முறையிலிருந்து மீட்பை `COUNT 1` ஆக நடத்துவது இதைத் தவிர்க்கும். மெதுவாக இருக்கும், ஆனால் மீட்பு அவசரப்பட வேண்டிய இடமில்லை.

## நிலுவையில் இருக்கும்போதே மறைவது

ஒப்புகை தந்ததும் செய்தி ஸ்ட்ரீமிலிருந்து அழிந்துவிடும் என்ற எண்ணம் பரவலானது, தவறானது. `XACK` நிலுவைப் பட்டியலிலிருந்து மட்டுமே நீக்கும். பதிவு ஸ்ட்ரீமில் இருந்துகொண்டே இருக்கும், ஏனெனில் வேறு குரூப்புகளும் அதைப் படிக்கலாம். ஆகவே `XLEN` காட்டும் எண்ணை வைத்துத் தேக்கத்தை அளப்பவர்கள் தவறான இடத்தைப் பார்க்கிறார்கள். இன்னும் வழங்காதவை எத்தனை என்பதை 7.0 முதல் `XINFO GROUPS` தரும் `lag` சொல்லும். வழங்கியும் முடியாதவை எத்தனை என்பதை `pending` சொல்லும். முதலாவது ஏறினால் வொர்க்கர்கள் போதவில்லை. முதலாவது பூச்சியத்தில் இருக்க இரண்டாவது மட்டும் ஏறினால் யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்ட்ரீம் வளர்ந்துகொண்டே போவதால் `XADD orders MAXLEN ~ 100000 * ...` என்று பழையவற்றை வெட்டுவது இயல்பு. இந்த வெட்டு நிலுவைப் பட்டியலைப் பார்ப்பதில்லை. மூன்று நாளாக மாட்டிக்கொண்டிருக்கும் செய்தியின் உள்ளடக்கம் வெட்டில் போய்விடும், பட்டியலில் அடையாளம் மட்டும் நிற்கும். 7.0க்கு முன் `XAUTOCLAIM` இவற்றை வெற்றுப் பதிவாகத் திருப்பியது, பல நிரல்கள் அதில் தடுக்கி விழுந்தன. 7.0 முதல் அத்தகைய அடையாளங்களை நிலுவையிலிருந்து நீக்கிவிட்டு, பதிலின் மூன்றாம் பகுதியில் பட்டியலாகத் தருகிறது. பல நிரல்கள் அந்த மூன்றாம் பகுதியைப் படிப்பதில்லை. தொலைந்த ஆர்டர்களின் முழுப் பட்டியலும் சில மில்லிவிநாடி கையிலிருந்து, பிறகு யாரும் பார்க்காமல் போய்விடும். 2025இல் வந்த 8.2 பதிப்பில்தான் எல்லாக் குரூப்புகளும் ஒப்புகை தந்தவற்றை மட்டும் வெட்டு என்று சொல்லும் `ACKED` விருப்பமும், ஒப்புகையையும் அழிப்பையும் ஒன்றாகச் செய்யும் `XACKDEL` கட்டளையும் வந்தன.

இன்னொரு ஓட்டை `XGROUP DELCONSUMER`. கண்டெய்னர்களில் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் புதுப் பெயர் வரும், பழைய பெயர்கள் குவியும், யாராவது ஒரு நாள் சுத்தம் செய்ய நினைப்பார். நீக்கும் கன்ஸ்யூமரின் பெயரில் நிலுவை இருந்தால் அதுவும் சேர்ந்தே நீங்கும். அதன் பின் அந்தச் செய்திகளை எந்த மீட்பும் கண்டுபிடிக்காது. கட்டளை திருப்பித் தரும் எண், அப்படி எத்தனை நிலுவைகள் போயின என்பதுதான். அதைப் பார்க்கும்போது காரியம் முடிந்திருக்கும்.

## இரட்டிப்பை எங்கே தடுப்பது?

ஒரே முறை மட்டும் என்ற உத்தரவாதத்தை அடுக்கின் எந்த மட்டத்தில் வைப்பது என்பதில் இரண்டு அணிகள் உண்டு. தரவுக்குழாயே அதைத் தர வேண்டும் என்பது ஒன்று. 2017இல் காஃப்கா 0.11 கொண்டுவந்த பரிவர்த்தனைகள் அந்தத் திசையில் சென்றன, காஃப்காவிலிருந்து படித்துக் காஃப்காவுக்கே எழுதும் வேலைகளுக்கு அவை பொருந்தும். மற்றது, இறுதிமுனையில்தான் செய்ய முடியும் என்பது. சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் 1980களில் எழுதிய இறுதிமுனை வாதத்தின் வழி வந்தது. 2016இல் ரெட்லாக் பூட்டுமுறை பற்றி மார்ட்டின் கிளெப்மனுக்கும் சான்ஃபிலிப்போவுக்கும் நடந்த பொது விவாதத்திலும் இந்தக் கோடு தெரிந்தது. காலாவதியான பூட்டோடு விழித்தெழும் கணினியைத் தடுக்க, ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணைச் சேமிப்பகமே சோதிக்க வேண்டும் என்றார் கிளெப்மன். அப்படிச் சோதிக்கும் சேமிப்பகம் கையில் இருந்தால் பூட்டே எதற்கு என்ற தொனியில் இருந்தது சான்ஃபிலிப்போவின் பதில்.

ரெடிஸ் ஸ்ட்ரீமைப் பொறுத்தவரை இரண்டாம் அணியின் பக்கமே சான்றுகள் சாய்கின்றன. ரெடிஸின் நகலெடுப்பு ஒத்திசைவற்றது. முதன்மைச் சர்வர் விழுந்து நகல் பொறுப்பேற்கும்போது கடைசிச் சில ஒப்புகைகள் போய்ச் சேராமல் இருக்கலாம். முடிந்த வேலை மீண்டும் நிலுவையாகத் தோன்றும். மீட்பு வரம்பை எவ்வளவு கச்சிதமாக வைத்தாலும் இந்த இரட்டிப்பு வரும்.

ஆகவே பில் எழுதும் அட்டவணையில் ஆர்டர் எண்ணுக்குத் தனித்துவக் கட்டுப்பாடு வைத்து, `INSERT ... ON CONFLICT DO NOTHING` போட்டு, அது முடிந்த பிறகே `XACK` அனுப்புவது நடைமுறையில் தேறிய வழி. திறவுகோலாக ஸ்ட்ரீம் அடையாளத்தை வைப்பது ஆசைகாட்டும், ஆனால் போதாது. அனுப்புபவரின் `XADD`க்குப் பதில் வராமல் போய் அவர் மீண்டும் அனுப்பினால் ஒரே ஆர்டருக்கு இரண்டு அடையாளங்கள் கிடைத்துவிடும். ஆர்டர் எண் மாறாது.

கேட்வே பக்கம், அழைப்போடு ஒரு திறவுகோலை அனுப்பி இரட்டிப்பைத் தடுக்கும் வசதி பலவற்றில் உண்டு. அதற்கும் ஆயுள் உண்டு. ஸ்ட்ரைப் நிறுவனத்தின் ஆவணம், 24 மணி நேரம் கடந்த திறவுகோல்களைத் தான் நீக்கக்கூடும் என்கிறது. வெள்ளி மாலை மாட்டிக்கொண்ட செய்தியைத் திங்கள் காலை மீட்பவர், அதே திறவுகோலை அனுப்பினாலும் புதிய கட்டணமாகவே பதிவாகலாம். அவ்வளவு பழைய செய்தியைத் தானாக மீட்காமல், முதலில் கேட்வேயில் நிலவரம் கேட்டுவிட்டுத் தொடர்வது பாதுகாப்பானது.

## இன்னும் தீராதவை

சில விஷயங்கள் தெளிந்துவிட்டன எனலாம். செய்திவாரியாகக் கணக்கு வைக்கும் முறைக்குத் தேவை இருக்கிறது என்பதை இப்போது காஃப்காவும் ஏற்றிருக்கிறது: 2025இல் 4.0 பதிப்போடு முன்னோட்டமாக வந்த ஷேர் குரூப்புகளில் 30 விநாடிக் குத்தகையும், ஐந்து முறைக்கு மேல் வழங்காத வரம்பும் இயல்பாகவே உண்டு. இரண்டையும் அங்கே சர்வர் கவனித்துக்கொள்கிறது. ரெடிஸ் எதிர்ப்பக்கத்திலிருந்து மெல்ல நகர்கிறது. 8.4 பதிப்பில் `XREADGROUP`க்கே `CLAIM` என்ற விருப்பம் வந்தது; தேங்கியதையும் புதியதையும் ஒரே கட்டளையில் வாங்கலாம், மீட்புக்கென்று தனிச் சுற்று வேண்டியதில்லை. எத்தனை மில்லிவிநாடி என்ற எண்ணை இப்போதும் கேட்பவரே தர வேண்டும்.

அந்த எண்ணை வேலையின் உண்மையான நேரப் பரவலிலிருந்து தானாகக் கணிக்க முடியுமா என்பது திறந்த கேள்வி. நெட்வொர்க் துறையில் மறுஅனுப்புகைக்கு இப்படிக் கணிக்கும் முறைகள் பல பதிற்றாண்டுகளாக உண்டு. ஆனால் ஒரு பாக்கெட்டை இரண்டு முறை அனுப்புவதன் இழப்பும் ஒரு கார்டில் இரண்டு முறை பணம் பிடிப்பதன் இழப்பும் ஒன்றன்று என்பதால் அதே சூத்திரம் இங்கே செல்லுமா என்பது ஐயமே. `XACK`க்கு உரிமையாளர் சோதனை எப்போதாவது வருமா என்பதும் தெளிவில்லை. அது வந்தால் ஒவ்வொரு ஒப்புகையிலும் கூடுதல் ஒப்பீடு ஒன்று நடக்கும். விலை சிறிதுதான், ஆனால் தாமதமாக வந்தாலும் முடிந்த வேலை முடிந்ததே என்று கருதிப் பழைய நடத்தையை நம்பி எழுதிய நிரல்கள் ஏராளம்.

2024இல் உரிம மாற்றத்தை ஒட்டி 7.2 கிளையிலிருந்து வால்கீ பிரிந்து போனதால், 7.2க்குப் பிறகு ரெடிஸில் வந்த கட்டளைகள் அங்கே தாமாக வந்துவிடுவதில்லை. இரண்டிலும் ஓட வேண்டிய நிரலுக்கு இன்றைக்கு நம்பத்தக்க பொதுத்தளம் `XAUTOCLAIM`, அதன் மூன்று பகுதிப் பதில், மேலே காட்டிய லுவா வரிகள் ஆகியவையே.